இடது தோள், இடது சங்கிலி

சித்தியின் மாம்பழ மஞ்சள் பட்டுச் சேலையில், முந்தானைக் கரையை ஒட்டி ஒரு வரிசை கறுப்புப் புள்ளிகள் இருந்தன. ஒன்பது புள்ளிகள், வரிசை பிசகாமல், கோலத்துக்கு வைத்த மாதிரி. "கோயில் விளக்கு மைடி, விடு" என்றார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சித்தப்பாவின் கப்சாயில் பின்னால் ஏறி, ஜோர்ஜ்டவுன் லெபு குயினில் உள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போய் வருபவர் அவர். விளக்குக் கரி பட்டால் திட்டாகப் படியும், இப்படி எண்ணி எண்ணி வைக்காது. தையல் பெட்டியிலிருந்த நாடாவை எடுத்து அளந்து பார்த்தேன். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் சரியாக அரை அங்குலம்.

மோட்டார் பட்டறைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இந்த அரை அங்குலம் எதுவென்று சொல்லிவிடுவார்கள். கப்சாயில் ஓடும் சங்கிலியில் ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் உள்ள தூரம் 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். அந்தச் சங்கிலி சித்தியின் முந்தானையைத் தொட்டு, தன் கைநாட்டை வைத்துவிட்டு, எப்படியோ விட்டிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை.

சேலை ஏன் போய்ச் சங்கிலியில் படுகிறது என்று யோசித்தால் முதலில் கண்ணில் படுவது இடப்பக்கம். நாம் வழக்கமாகக் கட்டும் கட்டில் முந்தானை இடது தோளில் ஏறி, முதுகுப் பக்கம் இடப்புறமாகத் தொங்கும். கப்சாயில் சங்கிலி ஓடுவது இடப்பக்கம், புகைக்குழாய் வலப்பக்கம். சாலையில் நாம் இடது ஓரமாகப் போகிறவர்கள் என்பதால், ஒருபக்கமாக உட்காரும் பெண்கள் காலைத் தொங்கவிடுவதும் இடப்பக்கம்தான். துணி, கால், சங்கிலி, சக்கரக் கம்பி எல்லாம் ஒரே பக்கத்தில் கூடிவிடுகின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. சேலைக்கட்டு வண்டியைப் பார்த்து உருவானதும் இல்லை, வண்டி சேலையைப் பார்த்து உருவானதும் இல்லை.

ஒரு விஷயத்தில் வண்டியை வடிவமைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கப்சாயின் மூதாதையான ஹோண்டா சூப்பர் கப் 1958-இல் ஜப்பானில் வெளிவந்தபோது, அதன் சங்கிலி முழுவதும் பெட்டிக்குள் மூடியிருந்தது. காலைத் தூக்கிச் சுழற்றிப் போடாமல் நடுவே தாண்டி ஏறும்படி உடல் தாழ்ந்திருந்தது. பாவாடை அணிந்தவரும் ஏறி ஓட்டலாம். அந்த வண்டியை இந்த நாட்டுக்குக் கொண்டு வந்து பரப்பியவர் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ. சங்கிலியை முழுக்க மூடிய அந்தப் பெட்டி ஈஎக்ஸ்5 போன்ற மாடல்களில் நெடுங்காலம் தொடர்ந்தது. வேக மோகத்தில் வந்த பிந்திய கப்சாய்களில் மேல்பாதிக்கு மட்டும் ஒரு தகடு, கீழே திறந்த சங்கிலி. பெட்டி உள்ள வண்டியிலும், சங்கிலிக்கு எண்ணெய் போடச் சிரமம் என்று கழற்றி வீசியவர்கள் உண்டு. சித்தப்பா அந்தக் கட்சி.

முந்தானை எப்போது விழுகிறது என்பதில் நாம் எல்லாரும் தப்பாகவே நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேகமாகப் போனால் துணி பறக்கும், பறந்தால் சிக்கும், ஆகவே மெதுவாகப் போனால் பயமில்லை என்பது நம்பிக்கை. நடப்பது கிட்டத்தட்ட தலைகீழ். ஓடும் வண்டியின் பின்னால் துணி கொடி மாதிரி நீண்டு பறக்க வேண்டுமானால், காற்றின் இழுப்பு துணியின் எடையை மிஞ்ச வேண்டும். காற்றின் இழுப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும், குறையும். வேகம் பாதியானால் இழுப்பு நான்கில் ஒன்றாகிவிடும். மெல்லிய ஜார்ஜெட் முந்தானைக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கில், மணிக்கு 13, 14 கி.மீ. அளவில் இரண்டும் சமமாகின்றன. அதற்கு மேலே துணி பின்னால் நீண்டு நிற்கும், அதற்குக் கீழே தொங்கிவிடும். இதுவும் திறந்த காற்றுக்கான கணக்கு. உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்குப் பின்னால் காற்று அடங்கிச் சுழல்வதால், உண்மையில் இன்னும் கூடிய வேகத்திலேயே துணி தொய்ந்துவிடும். ஜரிகைக் கரை போட்ட பட்டு இன்னும் கனம். பட்டு பறக்காது, அதனால் பயமில்லை என்று சித்தி சொல்வதுண்டு. பறக்காததுதான் பயம்.

லெபு பாசாரின் நெரிசலில் எந்த வண்டி 25 கி.மீ.க்கு மேல் போகிறது? லாரி இறக்கும் இடத்தில் நின்று, ஊர்ந்து, பூக்கடை முன்னால் மறுபடி நின்று போவதுதான் அங்கே ஓட்டம். அந்த வேகத்தில் முந்தானை தொங்கிக்கொண்டே போகிறது. சிவப்பு விளக்குக்கு வேகம் குறையும்போது, அதுவரை பறந்துகொண்டிருந்ததும் வந்து சக்கரத்தின் மேல் படுகிறது. சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பட்டது ஒட்டிப் போவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? கப்சாயின் பின்சக்கரச் சுற்றளவு ஏறக்குறைய 1.75 மீட்டர். மணிக்கு 30 கி.மீ. என்றால் விநாடிக்கு 8 மீட்டர் சொச்சம். சக்கரம் விநாடிக்கு ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றுகிறது. துணியின் நுனி கம்பிகளுக்கிடையே நுழைந்து நடுக்குடத்தில் சுற்றத் தொடங்கினால், குடத்தின் சுற்றளவு 40 சென்டிமீட்டர் போல இருப்பதால், விநாடிக்கு 2 மீட்டர் துணியை விழுங்கும். தோளிலிருந்து பின்னால் தொங்கும் முந்தானை 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது முழுவதும் தீர 0.4 விநாடி. "ஐயோ, நிறுத்துங்க" என்று சொல்லவே ஒரு விநாடி ஆகும். முன்னால் இருப்பவர் கேட்டு, புரிந்து, பிரேக்கை அழுத்த இன்னொரு விநாடி. கையில் பிடித்திருக்கிறேன், இழுத்தால் இழுத்துக்கொள்வேன் என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இழுத்தாலும் வராது. வெல்ட் கீ படகுத்துறையில் கயிற்றைக் குத்தூணில் சுற்றிப் பிடிப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? படகு மொத்தமும் ஒரு பக்கம் இழுக்க, அவர் மறுமுனையை இரண்டு விரலால் பிடித்தபடி இன்னொருவரோடு பேசிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு சுற்றுக்கும் உராய்வு பெருக்கல் கணக்கில் ஏறுவதுதான் காரணம். துணிக்கும் உலோகத்துக்கும் உள்ள வழக்கமான உராய்வை வைத்துப் பார்த்தால், ஒரு சுற்றில் பிடி ஆறேழு மடங்கு, இரண்டு சுற்றில் நாற்பது மடங்கு, மூன்று சுற்றில் கிட்டத்தட்ட முந்நூறு மடங்கு. துணியின் நுனி 100 கிராம் அளவுக்கு எங்காவது கவ்வப்பட்டிருந்தால் போதும், மூன்று சுற்றுக்குப் பிறகு அதை உருவ 30 கிலோவுக்குப் பக்கத்தில் இழுக்க வேண்டும். மூன்று சுற்று என்பது இங்கே முக்கால் விநாடிகூட இல்லை. கிழிந்து விடுபடும் என்றும் நம்ப வேண்டாம். பிள்ளையைப் போட்டு ஆட்டும் தூளி நாம் கட்டுவது பழைய சேலையில்தான், அது கிழிவதில்லை. திரண்டு கயிறான சேலை ஆளைத்தான் இழுக்கும். ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பவர் இடப்புறம் பின்னோக்கி விழுவார். அல்லது துணி சக்கரத்துக்கும் தாங்குகைக்கும் நடுவே அடைத்து, பின்சக்கரம் நின்று, வண்டியே சறுக்கும்.

கழுத்தில் சுற்றிய துணி என்றால் கதையே வேறு. 1927 செப்டம்பர் 14 அன்று பிரான்சின் நீஸ் நகரில் நடனக் கலைஞர் இசடோரா டங்கன் இறந்தது இப்படித்தான். திறந்த காரில் கிளம்பியபோது அவர் கழுத்திலிருந்த நீண்ட பட்டுத் துண்டு சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. துப்பட்டாவோ சால்வையோ சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கும் காயத்துக்கு மருத்துவ ஏடுகளில் இன்றும் அவர் பெயர்தான். சுடிதார் போட்டு, துப்பட்டாவை முன்கழுத்தில் வைத்து இரண்டு நுனியையும் பின்னால் விடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. சேலையைவிட அது மோசம். முந்தானை தோளைத்தான் இழுக்கும், அந்தத் துப்பட்டா நேரே குரல்வளையைப் பிடிக்கும். அதைக் கழற்றிப் பைக்குள் வைப்பதுதான் ஒரே வழி. போட்டே தீர வேண்டுமென்றால் தோளிலிருந்து குறுக்காக இறக்கி, எதிர் இடுப்பில் முன்பக்கமாக முடிச்சுப் போட்டு, நுனியைச் செருகிவிடலாம்.

துணி சக்கரத்தில் சிக்காமல் காப்பதைச் சட்டத்தில் எழுதி வைத்த நாடு இந்தியா. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின்னிருக்கை உள்ள மோட்டார் சைக்கிளுக்கு மூன்றைக் கட்டாயமாக்குகிறது: கைப்பிடி, கால்தாங்கி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மூடும் காப்பு. பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்க என்று காரணத்தையும் விதியே சொல்லிவிடுகிறது. சென்னையில் வண்டி வாங்கினால் இடப்பக்கம் சாரி கார்டு என்ற கம்பிச் சட்டம் அதோடு வரும். யோசனை என்னவோ இந்தியர்களுடையது அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஐரோப்பாவில் பெண்கள் சைக்கிளின் பின்சக்கரத்துக்குக் கயிற்று வலை கட்டினார்கள், பாவாடைக்காக. நெதர்லாந்தின் சைக்கிள்களில் நீளங்கி சிக்காமல் காக்கும் மறைப்பு இன்றும் உண்டு. நம் ஊர் பெச்சாவையே பாருங்கள். பினாங்கில் பயணி முன்னால் உட்கார, மிதிப்பவர் பின்னால் இருக்கிறார். உட்காருபவரின் துணிக்கும் சங்கிலிக்கும் நடுவே ஒரு ஆள் தூரம்.

பினாங்கில் ஓடும் கப்சாய்க்குத் தொழிற்சாலையிலிருந்து சேலைக் காப்பு வருவதில்லை. சித்தப்பாவைச் சம்மதிக்க வைத்து, தெரிந்த பட்டறையில் ஒன்று அடித்து மாட்டினோம். முதல் முயற்சி வீண். விரற்கடை தடிமனுள்ள கம்பிகளை நாலு விரல் இடைவெளியில் வைத்து, பார்க்க அழகாகச் செய்து கொடுத்தார் பட்டறைத் தம்பி. அந்த இடைவெளியில் என் முழங்கை வரை போனது, முந்தானை போகாதா? காப்பின் வேலை காலைத் தடுப்பதல்ல, துணியைத் தடுப்பது. கண்ணி சிறிதாக இருக்க வேண்டும், அல்லது முழுத் தகடாக இருக்க வேண்டும். இரண்டாவது முறை கம்பிச் சட்டத்துக்குப் பின்னால் துளையிட்ட அலுமினியத் தகடு வைத்தார். பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மேலும் கீழும் ஆடும், வண்டியின் உடலோடு பூட்டிய காப்பு ஆடாது. இரண்டு பேர் உட்கார்ந்து அழுத்தியபோதும் சங்கிலியும் டயரும் காப்பில் உரசாத அளவு இடம் விட்டு மாட்ட வேண்டும். இதைப் பார்க்காமல் மாட்டினால் முதல் மேட்டிலேயே தகடு டயரை அறுக்கும். கழற்றி வீசிய சங்கிலிப் பெட்டியையும் தேடிப் பிடித்து மறுபடி பூட்ட வைத்தேன்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவு குறைவு. கியர் இல்லாத ஸ்கூட்டரில் சங்கிலியே கிடையாது. உள்ளே பெல்ட் ஓடும் நீளமான பெட்டி, இடப்பக்கத்தில் சக்கரத்தின் பெரும்பகுதியைத் தானே மறைத்துவிடுகிறது. கம்பிச் சக்கரமும் பெரும்பாலும் இல்லை. பழைய வெஸ்பாவில் அது முழுத் தகடு. சேலைக்கு எது நல்லது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் ஸ்கூட்டர் என்பேன். ஆனால் டயருக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள பொந்து திறந்தேதான் இருக்கிறது. ஓடும் சக்கரத்தின் பின்விளிம்பு கீழிருந்து மேலே ஏறிப் போகும். அங்கே தொங்கும் துணியை அது மேலே தூக்கி மட்கார்டுக்குள் திணித்துவிடும்.

காப்பு இரண்டாவது அரண்தான். முதல் அரண் துணியின் நீளத்தைக் குறைப்பது. நம் ஆத்தாக்கள் நாற்று நடும்போதும் பால் வெட்டும்போதும் செய்ததுதான். முந்தானையை முதுகைச் சுற்றி வலது பக்கம் கொண்டுவந்து, முன்னால் இழுத்து, இடுப்பில் இறுக்கிச் செருகுவது. நுனி கையளவுகூடத் தொங்கக் கூடாது. தோளில் ஊக்கு குத்தினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஊக்கு முந்தானை தோளிலிருந்து நழுவாமல் காக்கும், அவ்வளவே. ஊக்கு குத்திய நீள முந்தானை சிக்கினால் அது நம்மையும் சேர்த்துத்தான் இழுக்கும். எனவே இரண்டும் வேண்டும், தோளுக்கு ஊக்கு, நுனிக்குச் செருகல். கொசுவத்துக்குத் தனியே ஒரு ஊக்கு, கரை கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிற்கும்படி. உள்ளே பாவாடைக்குப் பதில் லெகிங்ஸ் போட்டால் காலை விரிக்க இடம் கிடைக்கும், காற்றுக்கும் கூச்சப்பட வேண்டாம்.

நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு, வெயிலுக்காகச் சட்டைக்கு மேலே ஜாக்கெட்டைத் திருப்பிப் போடுவது, முதுகு திறந்திருக்க. ஆண்களுக்கு அது எப்படியோ போகட்டும். சேலை கட்டியவர் அப்படிப் போட்டால் முந்தானை இருக்கும் பக்கம்தான் திறந்து கிடக்கிறது. போதாததற்கு ஜாக்கெட்டின் இரண்டு மடிப்பும் சேர்ந்து பறக்கும். நேராகப் போட்டு, முந்தானையை உள்ளே வைத்து, ஜிப்பை மேலே வரை இழுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

செருப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிலிப்பர் வேண்டாம், கழன்று விழும். கழன்றதைப் பிடிக்கக் குனிகிற அனிச்சைச் செயல்தான் அதைவிட ஆபத்து. கூர்மையான ஹீல்ஸ் இரண்டு வகையில் கெடுதல். கால்தாங்கியில் நிற்காமல் வழுக்கும், இறங்கும்போது தன் சேலைக் கரையையே குத்தி மிதிக்கும். குதிகாலுக்குப் பின்னால் பட்டையுள்ள, ரப்பர் அடியுள்ள தட்டையான செருப்பு போதும். மழைக்குப் பிறகு அஞ்சடியின் பளபளத்த தரை ஓட்டில் கால் ஊன்றும்போது அதன் அருமை தெரியும். கப்சாய் ஓட்டும் பெண்களுக்கு இன்னொன்று. இடது கால் கியரை முன்னும் பின்னும் மிதிக்கிறது, வலது கால் பிரேக்கை. கொசுவம் இடது பாதத்துக்கு மேலே சரிந்தால், கியர் மிதியோடு துணியும் சேர்ந்து மிதிபடும்.

ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கத்திலேயே இருக்கட்டும். வலப்பக்கம் புகைக்குழாய் சுடும், செயற்கைப் பட்டு அதில் பட்டால் உருகிக் காலோடு ஒட்டும். பின்னால் ஏறுபவர் ஓட்டுபவரின் தோளைப் பிடித்து, துணியை ஒரு முறை இடது கையால் முன்னுக்கு வாரி மடியில் வைத்து, "சரி" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே வண்டி நகர வேண்டும். முடிந்தால் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள். ஒருபக்கமாக உட்காரும்போது எடை ஒரு பக்கமாகச் சாய்கிறது, வளைவில் ஓட்டுபவருக்கும் சிரமம். பண்பாட்டுக் கேள்வியாக இது உலகெங்கும் பேசப்படுவதுதான். 2013-இல் இந்தோனேசியாவின் லோக்சுமாவே நகரில் பெண்கள் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரக் கூடாது என்று நகராட்சியே அறிவித்தது. பௌதிகம் அந்த அறிவிப்பைப் படிக்கவில்லை.

எல்லாம் சரியா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டியை நடுஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். வெளியே போகும் உடையிலேயே பின்னால் ஏறி உட்கார்ந்து, தளர்ந்திருக்கும் துணியை இன்னொருவரிடம் எல்லாத் திசையிலும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டயர், கம்பி, சங்கிலி, புகைக்குழாய் இவற்றில் எதையாவது அது எட்டுகிறதென்றால் ஒரு நாள் எட்டத்தான் போகிறது. வீட்டிலுள்ள சேலைகளின் கரையையும் பாருங்கள். அரை அங்குலத்துக்கு ஒரு கறுப்புப் புள்ளி என்றால் சங்கிலி. பழுப்பேறி மொறுமொறுத்த விளிம்பென்றால் புகைக்குழாய். நூல் பிரிந்து ஒரே இடத்தில் சீவினாற்போல் இருந்தால் டயர். பின்சக்கரக் குடத்தில் வண்ண நூல் சுற்றியிருந்தால், ஏற்கெனவே ஒரு முறை தப்பியிருக்கிறீர்கள்.

சிக்கியேவிட்டால், ஓட்டுபவர் ஆக்ஸிலேட்டரை விட்டு, முன்பிரேக்கைத் திடீரென அழுத்தாமல் வண்டியை நேராக நிறுத்தி, இன்ஜினை அணைக்க வேண்டும். துணியை இழுக்கக் கூடாது, குத்தூண் கணக்கு நினைவிருக்கட்டும். கப்சாயை நியூட்ரலில் போட்டு சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றினால் சுற்றியது அதே வழியில் பிரியும். ஸ்கூட்டரில் இன்ஜின் அணைந்ததும் சக்கரம் தானே சுதந்திரமாகச் சுற்றும். கழுத்து மாட்டியிருந்தால் இதெல்லாம் இல்லை, உடனே வெட்ட வேண்டும். அதற்காக ஒரு சின்னக் கத்திரிக்கோலைச் சித்தியின் கைப்பையில் போட்டு வைத்தேன். அதை அவர் வெள்ளிக்கிழமைகளில் கோயில் வாசலில் மல்லிகைச் சரம் வெட்டப் பயன்படுத்துகிறார். வெட்டி முடித்ததும் பையில் திரும்பப் போட்டுவிட்டாரா என்று வண்டி ஏறும் முன் கேட்பது இப்போது சித்தப்பாவின் வேலை.